குளித்த பிறகு எடுத்த படம்

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு மாலை

அன்புள்ள சரோஜா,

மிளகும் காப்பித்தூளும் வந்து சேர்ந்தன. பொட்டலத்தைப் பிரித்ததுமே வீட்டில் ஏற்காட்டு வாசம். இங்கே மல்கோவா முடியும் நேரம். வரும்போது கொண்டுவருகிறேன், தபாலில் அனுப்பிக் கூழாக்க விருப்பமில்லை. என் முழங்கால் பரவாயில்லை. மற்றவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் தான் மட்டும் செய்வதில்லை என்று மகள் கேலி பேசுகிறாள்.

சரி, உன் அம்மா வழுக்கி விழாமல் இருக்க பாத்ரூமில் என்னென்ன மாற்றலாம் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். நீ முதலில் அனுப்பிய படத்தால் பெரிய பயன் இல்லை. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி கழுவித் துடைத்து, வாளியைக் கவிழ்த்து வைத்து எடுத்திருந்தாய். அதனால்தான் அம்மா குளித்துவிட்டு வந்ததும் எதையும் தொடாமல் இன்னொன்று எடு என்று நச்சரித்தேன். அந்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி அரை மணி நேரம் பார்த்தேன். அம்மாவின் கை எங்கெங்கே போகிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

கதவு நிலையின் இடது பக்கத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை இருக்கிறது, பார்த்தாயா? படி இறங்கும்போது அங்கேதான் பிடிக்கிறார். கமோடுக்கு இடப்பக்கச் சுவரில் இருக்கும் துண்டுக் கம்பியின் ஒரு முனை கீழே சரிந்திருக்கிறது. துண்டின் கனத்துக்கு அது சரியாது, எழுந்திருக்க அதைத்தான் இழுக்கிறார். குழாயும் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. முக்காலியிலிருந்து எழும்போது அதைப் பிடித்திருப்பார். வலது மணிக்கட்டு உடைந்து கூடியதிலிருந்து இடது கையைத்தான் நம்புகிறார் என்று நீ எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆகவே கைப்பிடிக் கம்பி எங்கே வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம். கை ஏற்கெனவே போகிற இடத்தில் வை. வேறு இடத்தில் எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும், தடுமாறும் நேரத்தில் கை பழைய இடத்துக்குத்தான் போகும்.

உயரத்தைப் படத்திலிருந்தே ஓரளவு கணக்குப் போட்டேன். சுவர் ஓடு ஒன்று 1 அடி உயரம் என்றாய். துண்டுக் கம்பி நாலாவது ஓட்டின் நடுவில் இருக்கிறது, அதாவது மூன்றரை அடி. நாலடி பத்தங்குல அம்மாவுக்கு, உட்கார்ந்த நிலையில் அது தோளுக்கும் மேலே. அங்கிருந்து தொங்கத்தான் முடியும், ஊன்றி எழ முடியாது. ஓடு எண்ணும் இந்த வித்தை சுவரோடு ஒட்டியிருக்கும் பொருளுக்கு மட்டும்தான் சரிவரும். கமோடு சுவரைவிட்டு முன்னால் தள்ளி இருக்கிறது, நீ நின்றுகொண்டு மேலிருந்து எடுத்திருக்கிறாய். பின்சுவர் ஓட்டை வைத்து எண்ணினால் உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். டேப் வைத்து அளக்கச் சொன்னது அதற்குத்தான். நீ அளந்து சொன்ன பதினைந்தரை அங்குலம் அம்மாவுக்குப் போதும். செருப்பில்லாமல் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை பதினாலரை என்றாய் அல்லவா? அதனால் உன் தம்பி வாங்கித் தருவதாகச் சொல்லும், கமோடின் மேல் வைக்கும் 4 அங்குல உயர்த்தி வேண்டாம். அதன்மேல் உட்கார்ந்தால் பாதம் தரையில் படியாது. பாதம் படியாதவர் எழும்போது முன்னால் சரிகிறார். நெட்டையான ஆளுக்கு நல்லது, அம்மாவுக்கு ஆபத்து.

கம்பியை மாட்டுவதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நானே ஏமாந்தேன். என் அப்பாவுக்கு, ஓட்டில் ரப்பர் கப்பை அழுத்தி ஒட்டும் ஒரு கைப்பிடி வாங்கிவைத்தேன். ஒரு வாரம் கெட்டியாக நின்றது. உள்ளே காற்று மெல்லப் புகுந்திருக்கிறது. ஒருநாள் காலையில் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். அதிலிருந்து சுவரில் துளைபோட்டு முடுக்கியது தவிர வேறெதையும் நம்புவதில்லை.

உன் வீட்டில் வெளிப்பக்கம் பழைய கல்சுவர். இடப்பக்கம் படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருப்பது பின்னால் கட்டிய நாலரை அங்குலச் செங்கல் சுவர். நமக்குக் கம்பி வேண்டியது இந்த மெல்லிய சுவரில். சாதாரணமாகப் போடுகிற 2 அங்குலத் திருகாணியில் ஓடும் அதன் பின்னாலுள்ள சிமென்ட் பூச்சுமே பாதியைத் தின்றுவிடும். செங்கலுக்குள் ஒரு அங்குலம் போனால் பெரிது. அதனால் சுவரை முழுக்கத் துளைத்து, படுக்கையறைப் பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கச் சொல். தகடு அசிங்கமாகத் தெரிந்தால் அலமாரியை நகர்த்தி மறைத்துக்கொள். இன்னொன்று, ஓட்டைத் துளைக்கும் வரை டிரில்லை இடிக்கும் முறையில் ஓட்டக்கூடாது, ஓடு விரிசல் விட்டுவிடும். ஓடு தாண்டிய பிறகு இடிக்கலாம்.

கம்பி ஒன்றேகால் அங்குலத் தடிமன் இருக்கட்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். அதைவிடக் குறைந்தால் விரல் நுழையாது, கூடினால் வழுக்கும்போது முன்கையே உள்ளே போய் மாட்டிக்கொண்டு எலும்பு முறியும். வழவழ எஃகு சோப்புக் கையில் நழுவும், சொரசொரப்பாக வரி போட்டது கிடைக்கிறது. எல் வடிவத்தில் ஒன்று கமோடு பக்கம்: படுத்த பகுதி ஊன்றுவதற்கு, நிற்கிற பகுதி இழுத்து எழுவதற்கு. சரியான இடத்தைக் கொத்தனாரோ நானோ சொல்ல வேண்டாம். அம்மாவைப் புடவையோடு கமோடில் உட்காரவைத்து எழச் சொல். கை போகும் இடத்தில் சாக்பீஸால் குறி போடு. மூன்று தடவை செய்தால் மூன்று குறியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். மாட்டிய மறுநாள், அம்மா பிடிப்பதற்கு முன்னால், உன் தம்பி இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கட்டும். கதவு நிலையருகே இன்னொரு ஒன்றரை அடிக் கம்பி, நெட்டுவாக்கில். துண்டுக் கம்பியைக் கழற்றிவிடு. இருந்தால் பழக்கத்தில் அதையே பிடிப்பார்.

தரையைப் பற்றிப் படம் இரண்டு செய்தி சொல்கிறது. ஜன்னலின் சட்டம் தரையில் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிகிறது. அப்படித் தெரிந்தால் அது பளபள ஓடுதான், ஈரத்தில் வழுக்கும். அதைவிட முக்கியம், கமோடுக்கு முன்னால் இடதுபுறம் தேங்கியிருக்கும் தண்ணீர். எழும்போது அம்மாவின் இடது பாதம் வைக்கும் இடம் அதுவேதான். தண்ணீர் போகும் ஜாலி குழாய்க்குக் கீழே இருக்கிறது, வாட்டம் அங்கே போகாமல் இங்கே இறங்குகிறது. சொரசொரப்பான ஓட்டைப் பழைய ஓட்டின் மேலேயே ஒட்டிவிடலாம் என்று கொத்தனார் சொல்வார். ஒட்டலாம், ஆனால் பழைய குழியும் அப்படியே மேலே வரும். கமோடு பக்கம் பூச்சைக் கனமாக்கி, ஜாலி வரை 7 அடிக்கு ஒரு அங்குலமாவது இறங்கும்படி வாட்டம் எடுக்கச் சொல். அதற்கு முன் பழைய ஓடுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும், டொப்பென்று காலியாகச் சத்தம் கேட்டால் அதைப் பெயர்த்துவிட வேண்டும். தரை உயர்வதால் கதவின் அடியைச் சீவ வேண்டிவரும், இறங்கும் படியும் கொஞ்சம் குறையும். கமோடும் அரை அங்குலம், ஒரு அங்குலம் தாழ்ந்த மாதிரி ஆகும். அம்மாவின் உயரத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை.

அதுவரை ரப்பர் விரிப்பு போட்டு வை. ஆனால் உங்கள் ஊர் மூடுபனியில் அது காயவே காயாது, அடியில் பாசி பிடிக்கும். தினமும் எடுத்துத் தேய்த்து வெளியே தொங்கவிடு. எங்கே தொங்கவிட்டாலும் புதுக் கைப்பிடியில் மட்டும் வேண்டாம்!

வெளிச்சத்தில் படம் பொய் சொல்லும். போன் இருட்டறையையும் வெளிச்சமாக்கிக் காட்டிவிடும். உன் படத்தில் ஜன்னல் வெள்ளையாக வெளுத்துப்போயிருக்கிறது, மூலையெல்லாம் புள்ளிபுள்ளியாக இருக்கிறது. அறை இருட்டு என்பதற்கு அதுதான் அடையாளம். 60 வயதுக்காரரின் கண்ணுக்குள், 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகிறது. அம்மாவுக்கு 82. ஒரே பல்பு கண்ணாடிக்கு மேலே இருக்கிறது, குளிக்க உட்கார்ந்தால் அது அம்மாவின் முதுகுக்குப் பின்னால், நிழல் நேரே கால்மாட்டில் விழும். குழாய்ப் பக்கச் சுவரில் இன்னொரு பல்பு போடு. மழைக்கு அடிக்கடி மின்சாரம் போகிற ஊர், பேட்டரியோடு வரும் எல்.இ.டி. பல்பாக இருந்தால் நல்லது. அப்புறம் ஒரு வேடிக்கை செய்து பார். அந்தப் படத்தைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்று. வெள்ளை ஓட்டில் வெள்ளைக் கமோடு காணாமல் போய்விடும். அம்மா கண்ணுக்குப் பாதி நேரம் அப்படித்தான். அடர்நீலத்திலோ பழுப்பிலோ ஒரு சீட் மாற்றினால் போதும். எஃகுக் கம்பிக்கும் இதே கதை, அதன் பின்னால் ஒரு வரிசை நிற ஓடு ஒட்டச் சொல்லலாம்.

கடைசியாக, அந்த முக்காலி. 10 அங்குலம்கூட இல்லை. குழாய் திரும்பியதற்குக் காரணமே அதுதான். கைவைத்த, கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் குளியல் நாற்காலி வாங்கு, 16 அங்குலத்தில் நிறுத்து. வராந்தாவில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சமாளிக்காதே, ஈரத்தில் அதன் கால்கள் விரிந்துகொள்ளும். நாற்காலி உயர்ந்தால் வாளியும் உயர வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சொம்புக்கும் அம்மா குனிவார், விழுவது அந்தக் குனிவில்தான். நாற்காலிப் பக்கத்தில் ஒரு சிமென்ட் திட்டு கட்டி, வாளியின் விளிம்பு தொடை உயரத்துக்கு வரும்படி வை. தண்ணீரைக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நிரப்பு. நிறைந்த வாளியை அம்மா தூக்கவே கூடாது. உங்கள் ஊர்க் குளிருக்கு நல்ல சூடாகத்தான் குளிப்பார். சுடுதண்ணீரில் ரத்தக் குழாய் விரியும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். துவட்டுவதும் புடவைக்கு முன்பான உடுப்பெல்லாம் போடுவதும் நாற்காலியிலேயே நடக்கட்டும்.

கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா என்று படத்தில் தெரியவில்லை, எழுது. உள்பக்கம் என்றால், அம்மா கதவோரம் விழுந்தால் திறக்க முடியாது, ஆசாரியிடம் மாற்றச் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கொத்தனாரை 10 மணிக்கு மேல் வரச் சொல், சாக்பீஸ் குறியை அழித்துவிடாதே. அம்மாவுக்குப் பாசிப்பருப்புப் பாயசம் பிடிக்குமே, இன்னும் இனிப்பு கொடுக்கிறாயா, நிறுத்திவிட்டாயா?

உன்
வசந்தா