பிள்ளைகள் கையில் எப்போது வெயிட் கொடுப்பீர்கள் என்று கேட்கும் பெற்றோர்களுக்கு

வணக்கமுங்க.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை மாலை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர்களில் பாதிப் பேராவது எங்களிடம் இதைக் கேட்டிருப்பீர்கள்: "ஏனுங்க, ஃபீஸ் கட்டிச் சேர்த்திருக்கறோம், வந்து பார்த்தா பெட்டி மேல இருந்து குதிச்சுட்டு இருக்கறாங்க, டம்பெல் எப்பத் தூக்க விடுவீங்க?" கேள்வி நியாயம்தான். ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. வெயிட் தூக்கினால் பிள்ளை வளராமல் குள்ளமாகிவிடும் என்று பயந்து நாங்கள் தவிர்க்கவில்லை. சொல்லித் தருபவர் பக்கத்தில் இருந்து, அளவாகச் செய்தால் அப்படி எதுவும் ஆவதில்லை. பருவ வயதுக்கு முன்னால் பிள்ளைக்குப் பலம் கூடுவது பெரும்பாலும் தசை பருப்பதால் அல்ல, மூளையும் நரம்பும் இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்கப் பழகுவதால். அந்தப் பழக்கம் குதிப்பதிலும் ஏறுவதிலும் நன்றாகவே கிடைக்கிறது, அதோடு எலும்புக்கு வேண்டிய திடீர் அதிர்வும் குதிப்பதில் இருக்கிறது. அப்புறம், பத்துப் பிள்ளைகள் ஓடுகிற ஹாலில் டம்பெல் கிடந்தால் அது யார் காலிலாவது விழும். பிள்ளைகளுக்கு வெயிட்டால் வரும் காயங்களில் நிறைய இப்படிக் காலில் போட்டுக்கொள்வதும் விரலை நசுக்கிக்கொள்வதும்தான்.

வெயிட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. 25 கிலோ எடையுள்ள பிள்ளை முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து குதித்துத் தரையைத் தொடும்போது அந்த ஒரு நொடிக்குள் கால்கள் வாங்கும் சுமை அவள் எடையைப் போல மூன்று மடங்கைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால்தான் எவ்வளவு உயரம் குதிக்கிறாள் என்பதைவிட எப்படி இறங்குகிறாள் என்பதையே பார்க்கிறோம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் குதிக்கச் சொன்னால் 'தொம்' என்று குதிகால் தரையில் அடிக்கும், இரண்டு முழங்காலும் உள்பக்கமாக ஒன்றை ஒன்று தேடிப் போகும். இவளுக்கு உடனே பெட்டி கிடையாது. சமதளத்தில் நின்ற இடத்திலேயே சின்னதாகக் குதித்து, முன்பாதம் முதலில் தொட்டு, முழங்கால் மடக்கி, மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். முழங்கால் கால் விரல்கள் காட்டும் திசையிலேயே நிற்கிறதா என்று எதிரில் நின்று பார்ப்போம். அது சரியானால் ஓரடி முன்னால் தாண்டல், பிறகு ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான பெட்டி, அதிலும் சத்தமில்லாமல் இறங்கினால் இன்னும் கொஞ்சம் உயரம். "பூனையாட்ட எறங்கு கண்ணு" என்றால் முழங்கால், இடுப்பு என்று விளக்கத் தேவையே இல்லை, அவர்களே சரிசெய்துகொள்வார்கள். ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது தடவைக்கு மேல் குதிக்க விடுவதில்லை, நடுநடுவே நொண்டியோ பந்தோ விளையாட விடுவோம். நன்றாக இறங்கிக்கொண்டிருந்த பிள்ளையிடம் மறுபடி சத்தம் கேட்க ஆரம்பித்தால் களைத்துவிட்டாள் என்று அர்த்தம், அன்றைக்குக் குதித்தது போதும்.

ஏறுவதில் எங்களுக்கு ஒரே விதி: யாரையும் தூக்கி மேலே விட மாட்டோம். தானாக ஏறிய உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கத் தெரியும், தூக்கி விட்ட உயரத்தில்தான் பிள்ளை பயந்து கையை விடுகிறது. அதனால் ஏணியில் இரண்டு படி ஏறியதும் இறங்கப் பழக்கிவிட்டுத்தான் மூன்றாவது படி. கண்ணாடிக்கு வெளியே நின்று "இன்னும் மேல போ சாமி" என்று குரல் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தரையோடு கிடக்கும் அந்தக் கட்டை மேல் நடப்பது சும்மா விளையாட்டு மாதிரித்தான் தெரியும். காலைப் பார்க்காமல் கட்டையின் மறுமுனையைப் பார்த்து நடக்க வந்தபின், நடந்துகொண்டே பந்து பிடிக்கச் சொல்வோம். அங்கேதான் கஷ்டம் தெரியும், வேண்டுமானால் நீங்களே ஏறிப் பாருங்கள்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது குதிகால். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை, முக்கியமாக வேகமாக வளர்கிற மாதங்களில், குதிகால் எலும்பு வளரும் இடத்தில் வலி வருவது சகஜம். விளையாடிவிட்டு வந்து நுனிக்காலில் நடந்தாலோ, குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தும்போது காலை இழுத்துக்கொண்டாலோ எங்களுக்குச் சொல்லுங்கள். வலி போகும்வரை குதிப்பதை நிறுத்திவிட்டு ஏணியும் கட்டையுமாக ஓட்டிக்கொள்ளலாம். நொண்டல் தொடர்ந்தாலோ, வீங்கினாலோ, இரவில் வலியால் எழுந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட்டே அனுப்புங்கள்.

கம்பெனி ஷிப்ட் முடிந்து நேராகக் கூட்டிவரும் பெற்றோர்கள் வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டாம், பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். ஷூவை வாசலில் விட்டுவிடலாம், உள்ளே எல்லாமே வெறுங்கால்தான்.