ஓராயிரத்துள் இப்பத்தும்

அன்புள்ள கண்ணனுக்கு,

கும்பகோணம் சாரங்கபாணி கோயிலுக்குப் போய் வந்ததைச் சொல்லிவிட்டு, "ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத்தையும் யாரும்மா சேர்த்து வைத்தது?" என்று கேட்டாய். போனில் பேச நேரமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெருமாளைப் பாடிய "ஆராவமுதே" பதிகத்தின் கடைசிப் பாட்டை எடுத்துப் பார். "குருகூர்ச் சடகோபன் குழலின் மலியச் சொன்ன ஓராயிரத்துள் இப்பத்தும்" என்று வருகிறது. பாடியவர் பெயர், அவர் ஊர், மொத்தக் கணக்கு, மூன்றும் அதிலேயே இருக்கின்றன. சடகோபன் என்றால் நம்மாழ்வார்தான். அவருடைய திருவாய்மொழியில் ஒவ்வொரு பதிகத்தின் முடிவிலும் இப்படித் தன் முத்திரையை வைத்துவிடுவார்.

காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனிகளுக்குப் பிடி கிடைத்தது இந்த வரியில்தான் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. யாத்திரை வந்தவர்கள் இந்தப் பதிகத்தைப் பாட, "ஆயிரத்துள் இப்பத்து என்றால் மீதி எங்கே?" என்று கேட்டார். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் அவர் குருகூருக்கே போனார். அங்கே மதுரகவியாழ்வாரின் வழியில் வந்த ஒருவரிடம் மிஞ்சியிருந்தது, மதுரகவி நம்மாழ்வாரைப் போற்றிப் பாடிய "கண்ணிநுண் சிறுத்தாம்பு" மட்டும். அதைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதினார். நம்மாழ்வாரே தோன்றி எல்லாவற்றையும் கொடுத்தாராம். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். கதையை எழுதி வைத்ததும் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான். ஆனால் பாட்டெல்லாம் சிதறி, ஊருக்கு ஒரு பத்தாகத் தங்கிப்போன காலம் ஒன்று இருந்தது என்ற நினைவு அதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சேர்த்ததை ஏட்டில் எழுதியதோடு அவர் நிறுத்தவில்லை. தன் மருமக்கள் இருவருக்கு இசையோடு சொல்லிக்கொடுத்தார். ஸ்ரீரங்கத்து அரையர்கள் தங்கள் மரபை அவர்களிடமிருந்துதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு 'விண்ணப்பம் செய்வார்' என்றும் பெயர். குல்லாய் வைத்துக்கொண்டு, கையில் தாளத்தோடு பெருமாள் முன்னால் நின்று பாடுவார்களே, அவர்கள்தான். பாடுகிறவர்களுக்குப் படியும் வேண்டுமே! ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, திருவாய்மொழி ஓதுகிறவர்களுக்கு நெல் ஒதுக்கியதைச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ராப்பத்துத் திருவிழாவின் கணக்கு. திருவாய்மொழி 1102 பாட்டு. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்தது தொடங்கும் அந்தாதி என்பதால், இடையில் ஒன்று விழுந்தால் உடனே தெரிந்துவிடும். மொத்தம் பத்துப் பத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பதிகம். வைகுண்ட ஏகாதசி தொடங்கிப் பத்து நாள், நாளுக்கு ஒரு பத்து. நூல் எப்படிப் பிரிந்திருக்கிறதோ, திருவிழாவும் அப்படியே பிரிந்திருக்கிறது. கடைசி நாள் நம்மாழ்வார் மோட்சம். அவரைப் பெருமாள் திருவடியில் சேர்த்து, துளசியால் மூடுவார்கள்.

உன் ஆராவமுது ஐந்தாம் பத்தில் எட்டாவது. அப்படியானால் ராப்பத்தில் ஐந்தாம் நாள். லீவு கிடைத்தால் அந்த நாளைப் பார்த்துப் போடு, சேர்ந்து போகலாம். கம்பளி எடுத்து வா, மார்கழிப் பனி உனக்கு ஒத்துக்கொள்ளாது.

அம்மா