கார்த்திக்கு, ஆபீஸ் அவர்ஸ் பற்றி

திருச்சி
அக்டோபர் 26

அன்புள்ள கார்த்தி,

"சாப்பிட்டேன்மா", "தூங்கப்போறேன்மா" இந்த இரண்டையும் தவிர பத்து நாளாக உன்னிடமிருந்து வேறு பேச்சில்லை. மிட்டெர்ம் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. அப்பாவும் கேட்கமாட்டார், சொல்லிவைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நடந்தது எங்கள் இருவருக்குமே மறக்கவில்லை.

ஆகஸ்டில் நீ அனுப்பிய சர்க்யூட்ஸ் சிலபஸை நேற்று எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: ஆபீஸ் அவர்ஸ், செவ்வாய், வியாழன், 3 முதல் 4.30 வரை. ப்ரொஃபசருக்கு உதவியாகச் சொல்லித்தரும் டி.ஏ.வுக்குத் தனியாகத் திங்கள் மாலை இரண்டு மணி நேரம். ஆபீஸ் அவர்ஸ் என்றால் ப்ரொஃபசர் ஆபீஸ் வேலை பார்க்கும் நேரம், அப்போது போகக்கூடாது என்று நினைக்கிற, அமெரிக்கா போன நம் பிள்ளைகள் உண்டு. நேர்மாறு. அது மாணவர்களுக்கென்றே ஒதுக்கிய நேரம். முன்அனுமதி வாங்கத் தேவையில்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்கவும் தேவையில்லை. அந்த நேரத்தில் உனக்கு வேறு கிளாஸ் இருந்தால், உனக்கு ஒழிகிற மூன்று நேரங்களைக் குறிப்பிட்டு இரண்டு வரி மெயில் போடு.

ஹோம்வொர்க் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள் போகாதே, அன்றைக்குத்தான் கூட்டம். கொடுத்து முடித்த மறுநாள் அறை காலியாக இருக்கும். வெறும் கையோடும் போகாதே. "நாலாவது சாப்டர் புரியவில்லை" என்றால் அவர் நாலாவது சாப்டரைத் திரும்பச் சொல்வார், நீ தலையாட்டிவிட்டு வருவாய். நீ போட்டுத் தப்பான கணக்கை, அடித்தல் திருத்தலோடு, அப்படியே கொண்டுபோ.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தெவெனின் தடை கண்டுபிடிக்கும்போது வோல்டேஜ் சோர்ஸை ஷார்ட் செய்கிறோம், கரண்ட் சோர்ஸைத் திறந்துவிடுகிறோம். பாதிப் பிள்ளைகள் அதே வேகத்தில் டிபெண்டென்ட் சோர்ஸையும் அணைத்துவிடுவார்கள். அதை அணைக்கக்கூடாது, ஏனென்றால் அது சர்க்யூட்டுக்குள் இருக்கும் இன்னொரு வோல்டேஜையோ கரண்டையோ பார்த்து நடப்பது. முனைகளில் ஒரு வோல்ட் டெஸ்ட் சோர்ஸ் வைத்து, எவ்வளவு கரண்ட் போகிறதென்று பார்த்து, அந்த ஒரு வோல்ட்டை அதால் வகுக்கவேண்டும். உன் தாளில் இந்த இடத்தில் விரல் வைத்து, "இங்கே இதை அணைத்தேன், விடை ஏன் ஒத்துவரவில்லை?" என்று கேட்டால் ஐந்தே நிமிஷத்தில் முடியும். இதுதான் கேள்வி. மிட்டெர்ம் தாளையும் எடுத்துப்போ. மார்க்கைக் கூட்டச் சொல்லி அல்ல, மார்க் எங்கே போனதென்று காட்டச் சொல்லி. கிளாஸின் சராசரி என்ன, கடைசியில் கிளாஸ் நிலவரத்துக்கு ஏற்ப கிரேடைச் சரிக்கட்டும் கர்வ் உண்டா என்பதையும் அவரிடமே கேள். சராசரி 45 இருக்கும்போது வாங்கிய 42 வேறு, சராசரி 70 இருக்கும்போது வாங்கிய 42 வேறு.

42 என்று நானாகத்தான் வைத்துக்கொண்டேன். நீ சொல்லவில்லையே.

சிலபஸின்படி ஹோம்வொர்க் 20, முதல் மிட்டெர்ம் 25, இரண்டாவது 20, ஃபைனல் 35. 42 என்றால் 25-க்கு 10.5 கையில் இருக்கிறது. ஹோம்வொர்க்கில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால் 18. ஆக 28.5. சி கிரேடுக்கு 70 வேண்டுமானால் மீதி 55-இல் 41.5, அதாவது இனி வரும் இரண்டு பரீட்சையிலும் சராசரி 76. ஹோம்வொர்க்கை அலட்சியம் செய்து அறுபதில் நிறுத்தினால் அந்த 76 அப்படியே 87 ஆகிவிடும். உன் உண்மையான மார்க்கைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அட்வைசரைப் பார். அவருக்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டும், செமஸ்டர் நடுவில் சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றைக்கே போடு. தொடர்வதா, விட்டுவிடுவதா, விட்டால் அடுத்த செமஸ்டரில் எதெல்லாம் தள்ளிப்போகும் என்பதை அவர்தான் சொல்லமுடியும். கடைசித் தேதிக்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் விலகினான் என்கிற டபிள்யூ. தேதி தாண்டினால் வருகிற கிரேடுதான்.

ஆனால் இதை இரண்டு முறை படி. அட்வைசருக்குப் படிப்பு தெரியும், விசா தெரியாது. "இந்த கோர்ஸை விட்டுவிடு" என்று அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். உனக்கு இப்போது 14 கிரெடிட், சர்க்யூட்ஸ் 4. விட்டால் 10. எஃப்-1 விசாவில் இருக்கும் இளநிலை மாணவன் 12-க்குக் கீழே போகக்கூடாது. போகவேண்டியிருந்தால் முதலில் இன்டர்நேஷனல் ஆபீஸில் விசா விவகாரம் பார்க்கும் டி.எஸ்.ஓ.வைப் பார்த்து, அவர் அனுமதியைப் பதிவு செய்த பிறகுதான் டிராப் பட்டனைத் தொடவேண்டும். முன்னால் அழுத்திவிட்டுப் பின்னால் போய் நின்றால் விசா ஸ்டேட்டஸ் போய்விடும். படிப்புக் கஷ்டத்துக்காகத் தரும் அனுமதி ஒரு டிகிரிக்கு ஒரே தடவை, ஆறு கிரெடிட்டாவது இருக்கவேண்டும், அடுத்த செமஸ்டர் முழு கிரெடிட்டுக்குத் திரும்பிவிடவேண்டும். அதை இப்போதே செலவழிப்பதா என்று யோசி. முதலில் அட்வைசர், அடுத்து டி.எஸ்.ஓ., அப்புறம்தான் பட்டன்.

ரைட்டிங் சென்டரை விட்டுவிட்டேன். லேப் ரிப்போர்ட்டுக்குத்தான் சொல்கிறேன். காசில்லை. பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை உட்காருவார்கள். முந்தின ராத்திரி போய் "திருத்திக்கொடுங்கள்" என்றால் நடக்காது, வரிவரியாகத் திருத்துவது அவர்கள் வேலையல்ல. நாலைந்து நாள் முன்னால், ப்ரொஃபசர் ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த குறிப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு போ, பார்க்கவேண்டியது என்று இரண்டே விஷயத்தைச் சொல். இங்கிலீஷில் நீ 'தி', 'ஏ' விட்டுவிடுகிறவன். நம் தமிழில் அது இல்லை, காதுக்கு உறுத்தாது. ஒரு பாராவில் மட்டும் எங்கெங்கே விட்டிருக்கிறாய் என்று காட்டச் சொல், மீதியை நீயே உட்கார்ந்து தேடு.

அங்கே நான் டி.ஏ.வாக இருந்த இரண்டு வருஷமும் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். நம்மவர்கள் வரவில்லை. கேட்டால் மட்டம் என்று நினைப்பார்களோ என்ற பயம், எனக்குத் தெரியும். தெரிந்தும், இங்கே வந்து இருபத்தெட்டு வருஷம் சந்தேகம் கேட்டவனையெல்லாம் "கிளாஸில் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்?" என்றுதான் கேட்டேன். வீட்டில் உன்னையும் அப்படியே. ஒன்பதாவதில் நீ வெக்டர் கேட்டு வந்தபோது பேப்பர் திருத்திக்கொண்டு நிமிராமல் அதைத்தான் சொன்னேன். அதற்கப்புறம் நீ என்னிடம் கணக்கு கொண்டுவரவே இல்லை. தானாகப் படித்துக்கொள்கிறான் என்று பெரியப்பாவிடம் பெருமையடித்தேன். இப்போது நீ பேசாமல் இருப்பதைப் பார்க்கும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது.

மார்க் சொல்லாவிட்டால் பரவாயில்லை. இந்தத் திங்கள் டி.ஏ., செவ்வாய் ப்ரொஃபசர். டிராப் பட்டனை மட்டும் டி.எஸ்.ஓ.வைப் பார்க்காமல் தொடாதே. பருப்புப்பொடி தீர்ந்ததா என்று எழுது, சரஸ்வதி அத்தை மகன் பதினைந்தாம் தேதி கிளம்புகிறான்.

அம்மா