நீர்நாய் எச்சமும் ஜிலேபிக் கணக்கும்

அன்புள்ள சேகர்,

வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு நீ அனுப்பிய இருபது நீர்நாய் எச்சக் குப்பியும் வந்து சேர்ந்தன. ஒன்றில் எத்தனால் கசிந்து பை முழுக்க மீன் வாடை. தரமணி வரை அதை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே போய்விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் எச்சத்தில் கிடைத்த ரீடுகளில், அதாவது கருவி படித்துத் தந்த டி.என்.ஏ. வரிசைகளில், பெரும்பங்கு ஜிலேபிக் கெண்டை, கொஞ்சம்தான் கெளுத்தி. இதைச் சதவீதமாக்கி உங்கள் ஊர் மீன்வளர்ப்புக்காரர்களிடம் சொல்லலாமா என்று கேட்டாய். வேண்டாம், சொல்லிவிடாதே.

எச்சத்தில் மிஞ்சியிருக்கும் மீன் டி.என்.ஏ. மிகக் குறைவு, அதுவும் துண்டு துண்டாக இருக்கும். அதனால் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் 12எஸ் மரபணுவில் ஒரு சிறு பகுதியை மட்டும், அங்கே போய் ஒட்டும் பிரைமர் என்ற குட்டி டி.என்.ஏ. துண்டு கொண்டு பிடித்து, பி.சி.ஆரில் திரும்பத் திரும்பப் பெருக்கி, அப்புறம்தான் வரிசை படிக்கிறோம். கோளாறு இந்தப் பெருக்கலில்தான். பிரைமர் ஜிலேபியின் டி.என்.ஏ.வில் கச்சிதமாக ஒட்டி ஒவ்வொரு சுற்றிலும் 1.95 மடங்காக்குகிறது, கெளுத்தியில் ஓரிரு எழுத்து பொருந்தாததால் 1.80 மடங்குதான் ஆக்குகிறது என்று வைத்துக்கொள். ஒரு சுற்றில் பார்த்தால் அற்ப வித்தியாசம். ஆனால் வட்டிக்கு வட்டி போல ஏறி, 35 சுற்று முடியும்போது ஜிலேபி சுமார் 16 மடங்கு அதிகமாகிவிடும். சரிபாதியாகத் தொடங்கிய டி.என்.ஏ. கடைசியில் 94-க்கு 6 என்று நிற்கும். நீர்நாய் இரண்டையும் சமமாகத் தின்றிருந்தாலும் இதே கதைதான்.

இதைச் சோதிக்க சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் இரண்டு மீனும் வாங்கி, சம எடை சதையை அரைத்து, அதே பிரைமரில் ஓட்டப் போகிறேன். ரீடுகள் பாதிப் பாதியாக வராவிட்டால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆனால் அதுவும் முழுத் திருத்தம் ஆகாது. ஒரே எடைச் சதையில் எல்லா மீனுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரே அளவில் இருக்காது, குடலில் எது எவ்வளவு சிதைந்தது என்பதையும் மார்க்கெட் மீன் சொல்லாது. அதற்கு, வளர்ப்பில் இருக்கும் நீர்நாய்க்கு அளந்து தீனி போட்டு எச்சத்தைப் பார்க்க வேண்டும். சீல்களுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள். நமக்கு யார் நீர்நாய் தருவார்கள்?

இப்போதைக்கு, இருபதில் எத்தனை எச்சத்தில் ஜிலேபி இருந்தது என்று மட்டும் சொல்லலாம். அதிலும் ஒரு சிக்கல்: ஒரு வாய் தின்றாலும் வயிறு நிறையத் தின்றாலும் கணக்கு ஒன்றுதான். போதாததற்கு, கெளுத்தியே ஜிலேபிக் குஞ்சை விழுங்கியிருந்தால் அந்தக் குஞ்சும் நீர்நாய் தலையில்தான் விழும். ஒரு சதவீதத்துக்கும் கீழே வரும் ரீடுகளை நான் தள்ளிவிடுவேன், ஆனால் அந்தக் கோடு நானாகப் போட்டதுதான் என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுகிறேன்.

அடுத்த முறை மூடியில் டேப் சுற்றி அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு