லீப்சிக் அச்சகத்தாரின் மனு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. பள்ளிச் சொற்போரில் உன் மகளுக்கு "பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிறித்தவச் சமயச் சீர்திருத்தத்தைப் பரப்பியது அரசியலே" என்னும் அணி கிடைத்திருப்பதை எண்ணி நீ கவலைப்பட்டிருந்தாய். பரப்பியது அச்சு இயந்திரமே என்று பேசுவோருக்குக் கைத்தட்டல் எளிதில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆயினும், அவளுக்கு வாய்த்த பக்கத்தில்தான் வலுவான சான்று இருக்கிறது என்று நான் மனமார நம்புகிறேன். ஐரோப்பா முழுவதையும் சுற்றிவர வேண்டாம். சுமார் எழுபது கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசச் சொல்.

ஜெர்மனியின் சாக்சனி நாடு 1485-இல் ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையே பங்கிடப்பட்டது. விட்டன்பர்க் ஒரு பங்கிலும் லீப்சிக் மற்றொரு பங்கிலும் சேர்ந்தன. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த விட்டன்பர்க் துறவி மார்ட்டின் லூதர் 1517-இல் திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுதியபோது விட்டன்பர்க் ஒரு சிற்றூர். அங்கிருந்த ஒரே அச்சகமும் மெதுவாக வேலை செய்வது. லீப்சிக்கோ சந்தைக்குப் பெயர்பெற்ற நகரம். கைதேர்ந்த அச்சகத்தார் பலர் அங்கே தொழில் நடத்தினர். பரவலை முடிவு செய்வது அச்சு இயந்திரம் மட்டுமே என்றால், சீர்திருத்தம் முதலில் வேரூன்றியிருக்க வேண்டிய இடம் லீப்சிக் அல்லவா? நடந்தது வேறு. விட்டன்பர்க்கை ஆண்ட பிரடெரிக் லூதருக்குக் காவலாக நின்றார். லீப்சிக்கை ஆண்ட ஜார்ஜ், லூதரின் எழுத்துகளைத் தடை செய்தார். 1522-இல் வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டை வாங்கியவர்கள் பிரதியை ஒப்படைத்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றுகூட ஆணையிட்டார்.

தடையின் விளைவை 1524-ஆம் ஆண்டின் மனு ஒன்று காட்டுகிறது. உன் மகள் இதைச் சற்று நிதானமாக, அவையோரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லீப்சிக் அச்சகத்தாரின் குறையை நகர மன்றம் ஜார்ஜிடம் எடுத்துச் சென்றது. மக்கள் கேட்கும் நூல்களை அச்சிடவோ விற்கவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. குவிந்து கிடக்கும் பழைய கத்தோலிக்க சமயத்தாரின் நூல்களையோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவார் இல்லை. இப்படியே போனால் பிழைப்பே போய்விடும் என்பதுதான் அந்த முறையீட்டின் சாரம். இயந்திரம் இருந்தது, எழுத்துகள் இருந்தன, தொழிலாளிகளும் இருந்தனர். ஆட்சியாளரின் இசைவு ஒன்றுதான் இல்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த மனு இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. "தடைக்குப் பிறகும் மக்கள் அந்த நூல்களைத்தானே கேட்டார்கள், அந்த ஆர்வத்தை ஊட்டியது அச்சுதானே" என்று எதிரணியில் எவரேனும் எழுந்து கேட்டால், அதை மறுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். எல்லை தாண்டி நூல்கள் வந்தன என்பதை ஒப்புக்கொள்ளட்டும். பிறகு, அந்த நூல்கள் எங்கிருந்து வந்தன என்று திருப்பிக் கேட்கட்டும். காவல் கிடைத்த விட்டன்பர்க்கிலிருந்துதான் பல வந்தன. லீப்சிக்கின் லோட்டர் குடும்பம்கூட 1519-இல் அங்கே ஓர் அச்சகம் திறந்தது.

அந்தக் காவல் எப்படி நீடித்தது என்பதையும் ஓரிரு வாக்கியங்களில் சொல்லலாம். ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த பேரரசர் மாக்சிமிலியன் 1519 ஜனவரியில் இறந்தார். அடுத்த பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் பிரடெரிக்கும் ஒருவர். ஸ்பெயின் மன்னர் சார்லஸ் பேரரசராவதைத் தடுக்க விரும்பிய போப் பத்தாம் லியோவுக்குப் பிரடெரிக்கின் நல்லெண்ணம் தேவைப்பட்டதால், லூதர் மீதான விசாரணை வேகம் குறைந்தது. லூதரைக் கண்டிக்கும் போப்பின் ஆணை 1520 ஜூனில்தான் வெளிவந்தது. இடைப்பட்ட அந்த மாதங்களில் அச்சகங்கள் ஓய்வின்றி இயங்கின. அவற்றுக்கு அந்த அவகாசத்தைப் பெற்றுத் தந்தது தேர்தல் கணக்கு. "அச்சு இல்லாமல் பரவியிருக்குமா?" என்ற கேள்விக்கு இதுவே நேர்மையான விடை என்று நினைக்கிறேன்: அச்சு கருத்தைக் கொண்டு சேர்த்தது, அது எந்த ஊரில் தங்கலாம் என்பதை ஆட்சியாளர் முடிவு செய்தார்.

பேச்சின் முடிவுக்கு ஒரு காட்சி வைத்திருக்கிறேன். 1519 கோடையில் லீப்சிக்கின் பிளைசன்பர்க் கோட்டையில் லூதர் கத்தோலிக்க அறிஞர் யோஹான் எக்குடன் வாதிட்டார். அதன்பின் இருபது ஆண்டுகள் அச்சு இயந்திரங்கள் சுழன்றுகொண்டே இருந்தும் அந்த நகரம் அதிகாரப்பூர்வமாகப் பழைய சமயத்திலேயே இருந்தது. 1539 ஏப்ரலில் ஜார்ஜ் இறந்தார். சீர்திருத்தத்தை ஏற்றிருந்த அவருடைய தம்பி ஹென்றி ஆட்சிக்கு வந்தார். அடுத்த மாதமே அதே கோட்டையில் லூதர் பிரசங்கம் செய்தார்.

உரையை அவள் எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பிவை. ஆண்டுகளைச் சரிபார்த்து உடனே திருப்பி அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்