பன்னெண்டு மணி தாண்டி காட்பாடி வர்ற வண்டிக்கு ரிசர்வேஷன் என்னைக்குங்க தொறக்குது?

ரயில்வேல ரிசர்வேஷன் பாக்குற அதிகாரிங்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன், ஏறுறது எறங்குறது எல்லாம் காட்பாடி ஜங்ஷன்தான். போன பொங்கலுக்கு நடந்த ஒரு கூத்த சொல்லிட்டு அப்புறம் கேக்க வேண்டியத கேக்கறேன்.

மாமியார் வீடு ஈரோடு. போகி அன்னைக்கு காலைல அங்க இருக்கணும்னு வீட்டுல ஆர்டர். அதுக்கு தோதான வண்டி ஏற்காடு எக்ஸ்பிரஸ், சென்னையில ராத்திரி கெளம்பி பன்னெண்டு தாண்டிதான் காட்பாடிக்கு வரும், ஏறிப் படுத்தா விடியறப்ப ஈரோடு. முன்னாடியெல்லாம் 120 நாளைக்கு முன்னாலயே புக் பண்ணலாம், 2024 நவம்பர் 1-லருந்து அத 60 நாளா கொறச்சிட்டீங்க, பயணம் போற நாள அதுல சேக்கக்கூடாது. சரின்னு நானும் காலண்டர கையில வச்சிக்கினு எண்ணுனேன். நாங்க காட்பாடில ஏறப்போறது ஜனவரி 14, அதுலருந்து 60 நாள் பின்னாடி போனா நவம்பர் 15. அன்னைக்கு காலைல ஏழே முக்காலுக்கே போன தொறந்து லாகின் பண்ணி, பேரு வயசு எல்லாம் மாஸ்டர் லிஸ்ட்ல ஏத்தி வச்சி, எட்டு அடிக்கட்டும்னு உக்காந்துக்கினு இருந்தேன். எட்டாச்சு, தேடுனேன், ஸ்லீப்பர்ல வெயிட்டிங் லிஸ்ட். எட்டு மணி ஒரு நிமிஷத்துலயே இவ்ளோ பேரா, எவனோ சாப்ட்வேர் வச்சி அள்ளிட்டானுங்கன்னு ஒரு பாட்டம் திட்டித் தீத்தேன்.

தப்பு என் மேலதான், ஆனா அது எனக்கு புரிய ரெண்டு நாள் ஆச்சு. நாள் எண்ணுறது நாம ஏறுற தேதியிலருந்து இல்ல, வண்டி மொதல்ல கெளம்புற ஸ்டேஷன்ல என்ன தேதியோ அதுலருந்து. அந்த வண்டி சென்னையில கெளம்புற தேதி ஜனவரி 13, காட்பாடிக்கு வர்றப்பதான் 14 ஆவுது. அப்ப அந்த வண்டிக்கு மொத்தமா, காட்பாடியும் சேத்து, தொறந்தது நவம்பர் 14 காலைல எட்டுக்கு. நான் எட்டு மணிக்கு ரெடியா இருந்தது நெசம், ஆனா 24 மணி நேரம் லேட்டு. சென்னைக்காரருக்கு இந்த கொழப்பமே வராது, அவர் ஏறுற தேதியும் வண்டியோட தேதியும் ஒண்ணு. காட்பாடி, ஜோலார்பேட்டைன்னு நடுராத்திரில ஏறுறவங்களுக்குத்தான் இந்த தலைவலி.

இதே தலைவலி வடக்க போற வண்டிக்கு இன்னும் ஜாஸ்தி. ஊருல ஆஸ்பத்திரி லாட்ஜ் பக்கம் நடந்தீங்கன்னா பாதி போர்டு பெங்காலியில இருக்கும், மேற்கு வங்கம் ஜார்கண்ட் அசாம்லருந்து ரிவியூக்கு வந்து போறவங்க அவ்ளோ பேரு. அவங்கள்ல ஒருத்தர் ஊருக்குத் திரும்ப, பெங்களூர்ல ராத்திரி கெளம்பி விடியக்காலைல காட்பாடி வர்ற வண்டில டிக்கெட் எடுக்கணும்னா, அவரும் ஒரு நாள் முன்னாடி முழிச்சிக்கணும். தினமும் ஓடுற வண்டின்னா அடுத்த நாளுக்காவது பாக்கலாம், அந்தப் பக்கம் நெறைய வண்டி வாரத்துல ஒரு நாளு ரெண்டு நாளுதான், விட்டா அடுத்த வாரம் வரைக்கும் லாட்ஜ் வாடகை. இதுல டாக்டரு ரிவியூ தேதிய 60 நாள் முன்னாடி சொல்லுவாருன்னு எதிர்பாக்க முடியுமா, அது வேற.

120 நாள 60 ஆக்குனதுக்கு நான் எதிரி இல்ல. ரொம்ப முன்னாடி எடுத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் கேன்சல் பண்றாங்க, கொஞ்சம் பேரு கேன்சலும் பண்ணாம வண்டிக்கும் வராம இருக்காங்கன்னு நீங்களே காரணம் சொன்னீங்க, அது நியாயமாத்தான் தெரியுது. ஆனா நாள் கொறஞ்சா கூட்டம் கொறையாது, நாலு மாசத்துக்கு முன்னாடி வந்த நெரிசல் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வரும், அவ்ளோதான். பண்டிகை வண்டில எட்டு மணிக்கும் எட்டு அஞ்சுக்கும் நடுவுலயே எல்லாம் முடிஞ்சிடுது. திரும்பி வர்ற டிக்கெட்டு வேற தனி. ஜனவரி 18 பகல் வண்டில திரும்பலாம்னா அது நவம்பர் 19-ல தொறக்கும். ஆக போகவர ரெண்டு டிக்கெட்டுக்கு ரெண்டு தனித்தனி காலைல காவல் காக்கணும், ஒண்ணு கெடச்சி இன்னொண்ணு கெடைக்கலன்னா மொதல் டிக்கெட்ட கேன்சல் பண்ணி கேன்சலேஷன் பணத்த விடணும்.

ஆன்லைன்ல 2025 அக்டோபர் 1-லருந்து மொதல் 15 நிமிஷம் ஆதார் சரிபாத்த ஐடிக்கு மட்டும்னு வச்சீங்க, அப்புறம் அந்த நேரத்த இன்னும் நீட்டுனீங்க, ஏஜென்ட்டுங்களுக்கு மொதல் பத்து நிமிஷம் தடைங்கறது முன்னாடியே இருக்கு. நல்லது. கவுன்ட்டர்ல நிக்கறவங்க கதை வேற. எங்க ஊர்ப்பக்கம் ஒரு கவுன்ட்டர்ல ஆறு மணிலருந்து நின்ன பெரியவர் ஒருத்தர நான் பாத்தேன், கியூவுல நாலாவது ஆளு. எட்டு அடிச்சதும் மொதல் ஆளோட பாரத்துல நாலு பேரு, பேரு ஒவ்வொண்ணா அடிச்சி, வயசு, லோயர் பெர்த்து, பணம், சில்லறை. அடுத்தவர் பாரத்துல வண்டி நம்பர் தப்பு, அத திருத்தி, மூணாவது முடிஞ்சி இவரு முறை வர்றப்ப மணி எட்டு பதினொண்ணு. "வெயிட்டிங் தாங்க வருது, போடட்டுமா?"ன்னாரு உள்ள இருந்தவர். அவர் மேல குத்தம் இல்ல, கை வேகமாத்தான் ஓடிச்சி. ஆனா ரெண்டு மணி நேரம் நின்ன மனுஷன், வீட்டுல போர்வைக்குள்ள படுத்துக்கினு போன்ல தட்டுனவன்கிட்ட தோத்துட்டாரு.

இப்ப கேக்கறது என்னான்னா, பெருசா ஒண்ணும் இல்ல.

வெப்சைட்டுலயும் ஆப்லயும் ஒரு வண்டிய தேடுனா, நான் ஏறுற ஸ்டேஷனுக்கு ரிசர்வேஷன் எந்த தேதி எத்தன மணிக்கு தொறக்கும்னு அங்கயே ஒரு வரி காட்டுங்க. இன்னும் தொறக்காத தேதிய போட்டா, தொறக்கலன்னு மட்டும் சொல்லாம என்னைக்குன்னும் சொல்லுங்க. கணக்கு உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இருக்கு, வெளிய காட்டுனா போதும். கவுன்ட்டர் சுவத்துலயும் ஒரு போர்டு, "இன்னைக்கு இந்த தேதிக்கு தொறக்குது, பன்னெண்டு தாண்டி வர்ற வண்டின்னா இந்த தேதிக்கு"ன்னு சாக்பீஸ்ல எழுதி வச்சாலே எங்களுக்கு போதும்.

ரெண்டாவது, நாடு பூரா எல்லா வண்டிக்கும் ஒரே எட்டு மணிங்கறத கொஞ்சம் பிரிக்கலாமா? தட்கால்ல ஏசிக்கு பத்து மணி, மத்ததுக்கு பதினொண்ணுன்னு நீங்களே பிரிச்சி வச்சிருக்கீங்க. அதே மாதிரி தெற்கு வண்டி ஒரு நேரம், வடக்கு வண்டி ஒரு நேரம்னு வச்சா சர்வரும் மூச்சு விடும்.

மூணாவது, பண்டிகை ஸ்பெஷல் வண்டிய ரெகுலர் வண்டி தொறக்குற வாரத்துலயே அறிவிங்க. ரெகுலர்ல வெயிட்டிங் எடுத்து, பயந்து போயி பஸ்ஸுக்கும் காசு கட்டி, அதுக்கப்புறம் ஸ்பெஷல்னு நியூஸ் வந்தா ஒரே ஆளு மூணு எடத்துல சீட்ட புடிச்சி வச்சிருக்கான்.

எங்க கதை எப்படி முடிஞ்சிச்சுன்னா, வெயிட்டிங் நகரவே இல்ல. பகல் வண்டி ஒண்ணுல சென்னையிலருந்துன்னு போட்டு பாத்தேன், காட்பாடிலருந்து போட்டா வெயிட்டிங் காட்டுன அதே வண்டில நாலு சீட்டு இருந்திச்சி. சென்னை - ஈரோடுன்னு எடுத்து, போர்டிங் பாயின்ட்ட மட்டும் காட்பாடின்னு மாத்திக்கிட்டேன். ஏறாத தூரத்துக்கும் காசு. பையன் கேட்டான், "நாம சென்னைல ஏறவே இல்லியே, எதுக்குப்பா அங்கருந்து டிக்கெட்டு?" பதில் நீங்கதான் சொல்லணும்.

இப்படிக்கு,
காட்பாடியில ஏறுற ஒருத்தன்