நலவாழ்வுப் பக்க ஆசிரியர்களுக்கு: ‘தடுக்கும்’ என்று எழுதும் முன்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் நலவாழ்வுப் பக்கங்களைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் பார்த்துத் தருவது என் வேலை. உங்கள் பக்கங்களை விடாமல் படிப்பவன். என் பெரியப்பாவும் அப்படித்தான். நாற்பது வருடமாக சிகரெட் பிடிப்பவர். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அந்தச் சத்து மாத்திரையை வாங்கித் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. “சிகரெட்டை விட முடியலப்பா, இதையாவது செய்யறேனே” என்றார். அவரைப் போல சிகரெட் பிடிப்பவருக்குத்தான் அந்த மாத்திரை ஆகவே ஆகாது என்று புரியவைக்க அரை நாள் ஆனது. அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

பெரியப்பா படித்தது யாரோ கிளப்பிவிட்ட கதை அல்ல. 1970களிலும் 80களிலும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் ஒரே விஷயம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு, இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருப்பவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்தது. அந்தத் தொடர்பு உண்மையானது. ஆனால் அந்த ஆய்வுகளில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. மக்கள் தம் போக்கில் வாழ்ந்தார்கள், ஆய்வாளர்கள் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். தினமும் காய்கறி சாப்பிடுபவர் பெரும்பாலும் மற்ற விஷயங்களிலும் வேறு மாதிரி வாழ்பவர். புகை குறைவாக இருக்கும், கையில் கொஞ்சம் காசு இருக்கும், நேரத்துக்கு மருத்துவரிடம் போவார். போதாததற்கு, சிகரெட் பிடிப்பவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அளவு குறைவாகவே இருக்கும். அப்படியானால் அந்த அளவு நோயைத் தடுக்கும் கவசமா, அல்லது ஒருவர் எவ்வளவு புகைக்கிறார் என்பதைக் காட்டும் அடையாளமா? பார்த்துக் குறித்துக்கொள்வதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது.

விடை தேட ஃபின்லாந்தில் ஒரு சோதனை நடந்தது. 50 முதல் 69 வயது வரையிலான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். யாருக்கு பீட்டா கரோட்டின், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இந்தக் குலுக்கல்தான் முக்கியம். காய்கறிப் பிரியர், ஏழை, நாளுக்கு இரண்டு பாக்கெட் ஊதுபவர் என எல்லோரும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் வித்தியாசம் மாத்திரை ஒன்றுதான். தினம் 20 மில்லிகிராம் வீதம் ஐந்து முதல் எட்டு வருடம் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளியானது. மாத்திரை சாப்பிட்ட பக்கம் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது, சாப்பிடாத பக்கம் 402 பேருக்கு. தடுக்கவில்லை என்பது மட்டுமல்ல, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் அதே திசையில் போனதால் 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

என்னை இன்றும் நிமிர்ந்து உட்காரவைப்பது ஃபின்லாந்து ஆய்வின் இன்னொரு பகுதி. ஆய்வு தொடங்கும்போதே இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்கு, அந்த ஆய்விலும் நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது! அதே ஊர், அதே மனிதர்கள். பழைய தொடர்பு அப்படியே இருக்கிறது, மாத்திரையோ கெடுதல் செய்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும். அதனால்தான் ‘இது உள்ளவர்களுக்கு அது குறைவாகக் காணப்பட்டது’ என்பதை ‘இது அதைத் தடுக்கும்’ என்று மாற்றி எழுதாதீர்கள் என்று கேட்கிறேன். முதல் வாக்கியம் ஆய்வில் கண்டது. இரண்டாவதில் சொல்வது அந்த ஆய்வில் இல்லவே இல்லை. கேரட் சாப்பிடுவது ஆபத்து என்றும் இதிலிருந்து எழுதிவிடாதீர்கள். சோதித்தது மாத்திரையை, அதுவும் புகைபிடிப்பவர்களிடம்.

அடுத்து, எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள் என்பது. 474, 402 என்ற எண்களைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 14,500 பேர். அதாவது நூறு பேருக்குக் கணக்கிட்டால் ஒரு பக்கம் 3.3, மறுபக்கம் 2.8. இதே சோதனையைப் பக்கத்துக்கு நூறு பேரை வைத்துச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்று மூன்று பேர் எதிர்பார்க்கலாம். ஆனால் மூன்றை எதிர்பார்க்கும் இடத்தில், வெறும் தற்செயலால் ஒன்றும் வரலாம், ஆறும் வரலாம். மாத்திரைப் பக்கம் இரண்டு, மறுபக்கம் ஐந்து என்று அமைந்துவிட்டால், ‘புற்றுநோயை 60 சதவீதம் குறைக்கும் மாத்திரை’ என்று தலைப்பு வந்திருக்கும். கெடுதல் செய்யும் ஒரு பொருளுக்கு! யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், எண்ணியதிலும் தவறு இருந்திருக்காது.

உங்கள் பக்கங்களில் இருபது பேரை வைத்து நடந்த ஆய்வுகளும் வருகின்றன. பத்துப் பேருக்கு ஒரு கஷாயம், பத்துப் பேருக்கு எதுவும் இல்லை; கஷாயம் குடித்தவர்களில் ஏழு பேருக்குக் குணம், மற்றவர்களில் நான்கு பேருக்குக் குணம் என்று இருக்கும். ஏழுக்கு நான்கு, பெரிய வித்தியாசமாகத்தான் தெரியும். ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலை விழுந்தால் குணம் என்று வைத்து, பத்துப் பத்துத் தடவையாக இரண்டு வரிசை சுண்டிப் பாருங்கள். நாணயம் எந்தக் கஷாயமும் குடிக்காது. ஆனாலும் இப்படி நூறு முறை செய்தால், சுமார் 26 முறை இரண்டு வரிசைக்கும் மூன்றோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும். நான்கு முறைக்கு ஒரு முறை! சதவீதமாக எழுதும்போது இது மறைந்துபோகிறது. ‘70 சதவீதம் பேருக்குக் குணம்’ என்றால் வாசகர் மனதில் ஒரு கூட்டமே தெரிகிறது. ‘பத்தில் ஏழு பேர்’ என்றால் நிலைமை நிலைமையாகத் தெரியும். நூறு பேருக்குக் கீழே இருந்தால் சதவீதமே போடாதீர்கள், ஆட்களின் எண்ணிக்கையைப் போடுங்கள்.

சரி, சின்ன ஆய்வுகளைப் பற்றி எழுதவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். பெரிய சோதனை எதுவும் சின்னதாக ஒன்றில்தான் தொடங்குகிறது. எழுதுங்கள், ஆனால் இரண்டாவது பத்திக்குள் இரண்டு தகவல் வந்துவிடட்டும்: எத்தனை பேர் என்பதும், ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்களா, அல்லது சும்மா கவனித்தார்களா என்பதும். ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலேயே பெரும்பாலும் இவை இரண்டும் இருக்கும். பத்து நிமிட வேலை. இல்லையென்றால் அந்தச் செய்தியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

நேரம் இல்லை, ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். எனவே ஆய்வின் சுருக்கத்தையும் நீங்கள் வைக்க நினைக்கும் தலைப்பையும் எனக்கு அனுப்பினால், மறுநாள் காலைக்குள் பார்த்துத் தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். பெரியப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். சிகரெட்டை இன்னும் நிறுத்தவில்லை. உங்கள் பக்கத்தை இப்போதும் தினமும் படிக்கிறார்.

அன்புடன்,
உங்கள் வாசகன்